ஹெச்பிஏ1சி 6.1, ‘பார்டரில் இருக்கிறது’ என்றார்கள். இதை உண்மையிலேயே திருப்ப முடியுமா?

வெண்தாழை

வயது 44. எடை 78 கிலோ, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 112, ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருக்கிறது. டாக்டர், “இன்னும் சர்க்கரை நோய் இல்லை, அதற்கு முந்தைய கட்டம். எடையைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, கொஞ்சம் அசதி மட்டும்.

வீட்டில் ஒருவர் “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்கிறார், இன்னொருவர் “வந்துவிட்டது, இனி போகாது” என்கிறார். இது நோயா இல்லையா? பழையபடி ஆக முடியுமா? வீட்டில் பார்க்கிற மீட்டர் வாங்கட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

பயப்படாதீர்கள். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துங்கள், இரண்டே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே வந்துவிடும். எனக்கு வந்தது. சர்க்கரை என்பதே மாவுச்சத்தால் வருவதுதான். அதை நிறுத்தினால் நோயே கிடையாது. மாத்திரை, டாக்டர் எல்லாம் தேவையே இல்லை.

நிழற்படி

மாற்றுக் கருத்து ஒன்று. 5.7க்கு மேல் போனாலே ‘முன்நீரிழிவு’ என்று பெயர் வைப்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கு. வெறும் வயிற்றில் அவர்களுக்கு 100 எல்லை, உலக சுகாதார நிறுவனத்துக்கோ 110. கோட்டைக் கீழே இறக்கினால் ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் நோயாளி ஆகிவிடுவார்கள். இந்தப் பெயர் ஒட்டப்பட்டவர்களில் பலருக்குக் கடைசிவரை சர்க்கரை வருவதே இல்லை. எனவே தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாடிப்படி

நீரிழிவுச் சிகிச்சை மையம் ஒன்றில் உணவு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிழற்படி சொன்ன எல்லைக் கணக்கு சரிதான். 5.7, 5.8இல் இருக்கிற ஒருவரையும் 6.3இல் இருக்கிறவரையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்கும் உடன்பாடில்லாத விஷயம். ஆனால் வெண்தாழைக்கு அது பொருந்தாது. 112 என்பது இரண்டு கணக்குப்படியும் எல்லைக்குள்தான் வருகிறது, அம்மாவுக்கும் இருந்திருக்கிறது. இதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

காலையில் எழுந்ததும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை நேற்று இரவு சாப்பிட்டதால் நிற்பது இல்லை. இரவு முழுக்க மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டியதைக் கல்லீரல்தான் தயாரித்து விட்டுக்கொண்டே இருக்கிறது. “போதும், நிறுத்து” என்று சொல்வது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தால் அந்தச் சொல் அதன் காதில் சரியாக ஏறாது, சரியாக மூடாத குழாய் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். உங்கள் 112 பெரும்பாலும் அந்தக் கசிவு. சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரை வேறு கதை. அதை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது முக்கியமாகத் தசை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே அளவில் கெடுவதில்லை.

கணையம் இதையெல்லாம் ஈடுகட்ட அதிக இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தொந்தரவு எதுவும் தெரியவில்லை. அதற்கு முடியாமல் போகும்போதுதான் எண்கள் 126, 6.5 என்ற சர்க்கரை நோய் எல்லையைத் தொடும். ஆகவே ‘திருப்புவது’ என்றால் கல்லீரலின் கொழுப்பை இறக்கி, தசைக்கு வேலை கொடுத்து, கணையத்தின் சுமையைக் குறைப்பது. குடும்பத்திலிருந்து வந்த சாய்வு அப்படியேதான் இருக்கும், அதைத் திருப்ப முடியாது.

கோட்டைவாசல் சார், மாவுச்சத்தைக் குறைத்தால் எண் இறங்கும் என்பது உண்மை. ஆனால் எல்லோரும் அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தினால் நோயே கிடையாது என்பதும் சரியில்லை. எடை குறையாமல், கல்லீரலில் கொழுப்பு அப்படியே இருந்தால், மறுபடி சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் எண் திரும்பி வரும்.

வெண்தாழை, உங்களிடம் ஒரு கேள்வி. அசதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எவ்வளவு?

வெண்தாழை

9.8. பல வருடமாகவே கம்மிதான் மேடம். மாதவிடாய் அதிகமாகப் போகும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மாடிப்படி

நிறையவே சம்பந்தம் இருக்கிறது. ஹெச்பிஏ1சி நேரடியாகச் சர்க்கரையை அளப்பதில்லை. ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. அணு ஏறக்குறைய மூன்று நான்கு மாதம் உயிரோடு சுற்றுவதால்தான் அதை ‘மூன்று மாதச் சராசரி’ என்கிறோம். (சராசரி என்றாலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் பாதியளவு.) இரும்புச்சத்துக் குறைவில் புது அணுக்கள் மெதுவாக உருவாகும், பழைய அணுக்களின் பங்கு கூடிவிடும். அதனால் உண்மையில் இருப்பதைவிட எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். உங்கள் 6.1இல் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு சோகை என்று இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

ஆனால் வெறும் வயிற்றின் 112க்கு இந்தச் சாக்கு இல்லை. அது நேரடியாக அளந்தது. அதனால் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை இன்னொரு நாள் மறுபடி எடுப்பது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது, இரும்பின் கையிருப்புக்கு ஃபெரிட்டின். ரத்தப்போக்கையும் தனியாகக் காட்டுங்கள், அதுவும் சிகிச்சை வேண்டிய விஷயம்.

குளுக்கோஸ் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் வழக்கம் போலச் சாப்பிடுங்கள். கோட்டைவாசல் சொன்ன மாதிரி மாவுச்சத்தை நிறுத்திவிட்டுப் போனால், பழக்கம் விட்டுப்போன உடம்பு திடீரென்று வருகிற 75 கிராமைக் கையாள முடியாமல் எண் பொய்யாக ஏறிவிடும்.

மீட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அசல் 110 என்றால் மீட்டர் 95 காட்டினாலும் 125 காட்டினாலும் அது தரக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கிறது. உங்கள் பிரச்சினையே அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. தினமும் விரலைக் குத்தி ஒரு நாள் சந்தோஷம், மறுநாள் கவலை என்று ஆகிவிடும்.

பழையசைக்கிள்

நல்ல இழை. எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறேன், கூடவே மாத்திரை. நானும் நாளையிலிருந்து மாவுச்சத்தை நிறுத்திவிட்டு ஊசியை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். எவ்வளவு நாளில் நார்மல் ஆகும்?

மாடிப்படி

ஐயா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கே பேசுவது மருந்தே எடுக்காத, சர்க்கரை நோய் இன்னும் வராத ஒருவரைப் பற்றி. நீங்கள் இன்சுலின் போட்டுக்கொண்டே சாப்பாட்டை வெட்டினால் சர்க்கரை அபாயகரமாகக் கீழே போகும். ஊசியைத் தானாக விட்டாலோ எதிர்த்திசையில் ஆபத்து. உணவை மாற்றுவதாக இருந்தால் மருந்து அளவையும் கூடவே மாற்ற வேண்டும், அதைச் செய்ய வேண்டியது உங்கள் டாக்டர்.

பழையசைக்கிள்

சரிங்க மேடம். தலைப்பில் ‘திருப்ப’ என்று பார்த்ததும் கேட்டுவிட்டேன்.

ஒல்லிக்குச்சி

எடையைக் குறை, எடையைக் குறை என்றே எல்லோரும் சொல்கிறீர்கள். என் எடை 59 கிலோ, உயரம் 172. எனக்கும் 5.9. நான் எதைக் குறைப்பது?

மாடிப்படி

தம்பி, உங்கள் கேள்வி கடினமானது, அப்புறம் வருகிறேன். முதலில் வெண்தாழையின் முடிவு வரட்டும்.

வெண்தாழை

வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 109. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 158. ஃபெரிட்டின் ரொம்பக் கம்மி, இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன், இப்போது வேண்டாம் என்றார்.

மாடிப்படி

இப்போது படம் தெளிவாகிவிட்டது. 158 என்பது 140க்கும் 199க்கும் நடுவில், அதாவது அதுவும் முந்தைய கட்டம்தான். கல்லீரல், தசை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பாதிப்பு. சோகை எண்ணைக் கொஞ்சம் ஊதிக் காட்டியிருக்கலாம், ஆனால் விஷயம் நிஜம்.

இனி எது வேலை செய்யும் என்பதற்கு வருவோம். இதில் ஊகம் தேவையில்லை, நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி முந்தைய கட்டத்தில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து ஆராய்ந்த முடிவு 2002இல் வெளியானது. ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரையோடு மருந்தே இல்லாத வெறும் வெள்ளை மாத்திரை, ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின், மூன்றாவது பிரிவுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பதும் இலக்கு. மூன்று வருடத்தில் வெள்ளை மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 29 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மெட்ஃபார்மின் பிரிவில் சுமார் 22. நடை, எடை பிரிவில் சுமார் 14.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒழுங்காகச் செய்த பிரிவிலும் 14 பேருக்கு வந்தது, ஆகவே இது உத்தரவாதம் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது பிரிவிலும் 7 சதவீத இலக்கைத் தொட்டவர்கள் ஆறு மாதத்தில் பாதிப் பேர்தான், கடைசியில் பார்த்தபோது இன்னும் குறைவு. அப்படியிருந்தும் இவ்வளவு பலன். முழுசாகச் செய்ய முடியவில்லை என்றால் எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு 78 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. அவ்வளவுதான். கல்யாணப் போட்டோ எடைக்கெல்லாம் திரும்ப வேண்டாம். எடை குறையத் தொடங்கும்போது கல்லீரல் கொழுப்பு முன்வரிசையில் கரைவதால்தான் இந்தச் சின்ன அளவுக்கே பலன் தெரிகிறது.

நீங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதை, குடிப்பதை அப்படியே எழுதிப் போடுங்கள். மறைக்க வேண்டாம்.

வெண்தாழை

காபி மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டு காபியோடு பிஸ்கட். மதியம் பெரிய தட்டு, காய் பேருக்குத்தான். சாயங்காலம் ஏதாவது பொரித்தது. இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பாடு, அதுதான் பெரிய சாப்பாடு. வார இறுதியில் பழச்சாறு, அது உடம்புக்கு நல்லது என்று.

மாடிப்படி

சரி, தட்டை அப்படியே புரட்டிப் போட வேண்டாம். காபிச் சர்க்கரை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், நூறு கலோரி. அதை முதலில் அரை ஸ்பூனாக்கி, நாக்கு பழகியதும் நிறுத்துங்கள். பிஸ்கட்டை எடுத்துவிடுங்கள். பழச்சாறுக்குப் பதில் பழமாகவே சாப்பிடுங்கள். சாறாக்கும்போது நார் போய்விடுகிறது, மூன்று பழத்தின் சர்க்கரை ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது. பொரித்தது வாரத்தில் ஒரு நாள் போதும். இவை நான்கும் சேர்ந்தாலே நாளுக்கு நானூறு கலோரிக்குப் பக்கத்தில் வரும்.

தட்டில் பாதி காய், கால்பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்பங்கு மாவுச்சத்து. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கொண்டுவர முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அளவையாவது மதியத்துக்கு மாற்றுங்கள்.

நடை விஷயத்தில் எல்லோரும் காலை ஒரு மணி நேரம் என்று பெரிதாக ஆரம்பித்துப் பத்தாவது நாள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் 158க்கு வேண்டியது வேறு: சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம். வேலை செய்கிற தசை, இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். அதனால் தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படியேறுவது என்று தசைக்குக் கொஞ்சம் பாரம் கொடுங்கள். ஹீமோகுளோபின் ஏறும்வரை மூச்சு வாங்குகிற அளவுக்குப் போக வேண்டாம், மெதுவாகத் தொடங்குங்கள்.

கோட்டைவாசல்

அரை ஸ்பூன், கால்பங்கு என்றெல்லாம் பேசினால் நடக்காது. நான் ஒரே நாளில் நிறுத்தினேன், ஒன்பது கிலோ குறைந்தது.

மாடிப்படி

ஒன்பது கிலோ குறைந்தது என்றால் உங்கள் கல்லீரல் சரியானதற்கு அதுவே போதுமான காரணம் சார்! உங்களுக்கு அந்த வழி ஒத்துவந்தது, நல்லது. எந்த வழியில் குறைந்தாலும் சரி, திரும்ப ஏறாமல் இருக்கிற வழிதான் அவரவருக்கான வழி. இப்போதும் அதே எடையா?

கோட்டைவாசல்

நாலு கிலோ திரும்ப வந்துவிட்டது. ஹெச்பிஏ1சி இன்னும் பார்க்கவில்லை.

நிழற்படி

பாருங்கள்.

வெண்தாழை (நான்கு மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். எடை 73.5. ஹீமோகுளோபின் 12.1. வெறும் வயிற்றில் 99, ஹெச்பிஏ1சி 5.6! இரவுச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. சாப்பிட்ட பின் நடப்பது வாரத்தில் நான்கைந்து நாள் நடக்கிறது. திரும்பிவிட்டேனா?

மாடிப்படி

4.5 கிலோ, ரொம்ப நல்ல வேலை. ஆனால் 5.6ஐ முழுசாக நம்பாதீர்கள். இரும்பு மாத்திரையால் நிறைய புது அணுக்கள் வந்திருக்கின்றன. அவை இளசு, சர்க்கரை ஒட்ட நேரம் கிடைத்திருக்காது. போன முறை எண்ணை ஏற்றிக் காட்டிய அதே சோகை, இப்போது குணமாகும் வழியில் எண்ணை இறக்கிக் காட்டலாம். இதில் எத்தனை உங்கள் நடை, எத்தனை இரும்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 109இலிருந்து 99க்கு இறங்கிய வெறும் வயிற்று எண்ணைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன். அதுவும்கூட நாளுக்கு நாள் சில புள்ளி ஆடும்.

ஹீமோகுளோபின் நிலையாக நின்று மூன்று நான்கு மாதம் ஆனதும் ஹெச்பிஏ1சி மறுபடி எடுங்கள். குளுக்கோஸ் பரிசோதனையையும் முடிந்தால் அப்போது. அதற்குப் பிறகு நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை.

ஒரு நல்ல செய்தி. நான் முன்பு சொன்ன ஆய்வில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, இடையில் ஒரு முறையாவது நார்மலுக்கு வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் வராதவர்களைவிட 56 சதவீதம் குறைவாக இருந்தது. நிரந்தரமாகத் தங்காவிட்டாலும் தொட்டுவிட்டு வருவதற்கே மதிப்பு இருக்கிறது.

நிழற்படி

அந்த 56ஐக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும் மேடம். நார்மலுக்கு வந்தவர்கள் ஆரம்பத்திலேயே கணையம் நன்றாக இருந்தவர்களாகவும் இருக்கலாம் அல்லவா?

மாடிப்படி

இருக்கலாம். நியாயமான கேள்விதான். முழுக்க அந்த நார்மலின் பலன் என்று நானும் சாதிக்க மாட்டேன்.

ஒல்லிக்குச்சி

என் கேள்வியை மறந்துவிட்டீர்களே அக்கா. நானும் குளுக்கோஸ் பரிசோதனை எடுத்தேன். வெறும் வயிற்றில் 92, இரண்டு மணி நேரத்தில் 171.

மாடிப்படி

மறக்கவில்லை தம்பி. உங்களுக்குக் காலை எண் சுத்தமாக இருக்கிறது, சாப்பிட்ட பிறகுதான் தடுமாற்றம். ஹெச்பிஏ1சியும் வெறும் வயிறும் மட்டும் பார்த்திருந்தால் 171 தெரிந்தே இருக்காது. எடை குறைப்பது உங்களுக்கு வழி இல்லை. தசையை வளர்ப்பதுதான் முதல் வேலை, போதுமான புரதத்தோடு வாரம் மூன்று நாளாவது பாரம் தூக்குகிற பயிற்சி. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள், ஒல்லியான ஆளுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா, தூக்கம் எப்படி, இரவில் குறட்டை உண்டா?

ஆனால் ஒல்லியானவர்களில் சிலருக்குக் கணையமே கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அவர்களுக்குப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில்லை. காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஒல்லிக்குச்சி

ஸ்டீராய்டு இல்லை. குறட்டை உண்டு என்று அறைத்தோழன் சொல்வான், நான் நம்பவில்லை. அதற்கும் சர்க்கரைக்கும் என்ன?

மாடிப்படி

தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வந்தால் இரவெல்லாம் உடம்பு பதற்றத்தில் இருக்கும், இன்சுலினுக்கு எதிரான ஹார்மோன்கள் ஏறும். ஒல்லியானவர்களுக்கும் அது வரும். மூச்சு நின்று திணறி எழுகிற மாதிரி இருக்கிறதா என்று அவரையே ஓர் இரவு கவனிக்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எழுதுங்கள்.